கடல்நீர் என்கிறது தலைப்பு, எண் வேறு கதை சொல்கிறது: ஜப்பானிய அறிக்கை மொழிபெயர்ப்பில் ஒரு சந்தேகம்

வாசுகி · செவ்வாய், இரவு 9:14

வணக்கம். ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற ஓர் அறிவியல் செய்தி அறிக்கை கையில் இருக்கிறது. இரண்டு பக்கம்தான், 2,400 எழுத்து. ஒரு பல்கலைக்கழகமும் ஒரு ரசாயன நிறுவனமும் சேர்ந்து வெளியிடுகிறார்கள். உப்புநீரை நன்னீராக்கும் புதுச் சவ்வு பற்றியது. வியாழன் ஜப்பான் நேரம் பிற்பகல் 2 மணிக்கு, அதாவது நமக்கு 1 மணிக்கு வெளியாகும். ஏஜென்சி மூலம் வந்த வேலை என்பதால் பெயர் சொல்ல மாட்டேன்.

முதல் வரைவு முடிந்துவிட்டது. எண்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கும்போது மூன்று இடத்தில் நெருடல்.

முதலாவது, நீர் ஊடுருவும் வேகம் பழைய சவ்வைப்போல "3 பாய் இஜோ". மின்செலவு "சுமார் 3 வாரி குறைப்பு". இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னால் சரி?

இரண்டாவது, நாளுக்கு 10 மான் கனமீட்டர் நீர் தரும் ஆலையில் இந்தச் சவ்வைப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 3 ஓக்கு 6,500 மான் கனமீட்டர் கிடைக்கும் என்கிறார்கள். எனக்குக் கணக்கு இடிக்கிறது.

மூன்றாவது, தலைப்பிலேயே "சேகாய் ஹாட்சு", உலகில் முதன்முறை என்று போட்டிருக்கிறார்கள். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் "எங்கள் நிறுவனம் விசாரித்தபடி" என்று இருக்கிறது. இதை அப்படியே விடலாமா?

---

பாலா_யீஷூன் · செவ்வாய், இரவு 9:31

இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை லா. மூணு மடங்குன்னா 300 விழுக்காடு. "300 விழுக்காட்டுக்கு மேல் உயர்வு"ன்னு எழுது, வேலை முடிஞ்சிது. சேகாய் ஹாட்சுவைத் தூக்கிடு. இங்க விளம்பரத் தர ஆணையத்துக்கு யாராவது புகார் எழுதினா நிரூபிக்கச் சொல்லுவாங்க. மத்த எண்ணெல்லாம் அவங்க குடுத்தது, தப்பா இருந்தா அவங்க தலைவலி. நாம மொழிபெயர்ப்பாளர், ஆடிட்டர் இல்ல.

---

செங்காங் மீனாட்சி · செவ்வாய், இரவு 10:05

வாசுகி, முதலில் ஒன்று. வெளியாகாத அறிக்கையின் எண்களைப் பொதுவெளியில் போட்டிருக்கிறாய். இனிமேல் வெளியான பிறகு கேள். இந்த முறை போகட்டும், பெயர் இல்லை.

பாலா சொன்ன 300 விழுக்காடு தவறு. பழையது 1 என்றால் 3 பாய் என்பது 3. "300 விழுக்காடு உயர்வு" என்றால் 1-ஓடு 3 கூடி 4 ஆகிவிடும். இந்த ஒரு வரி எத்தனை அறிக்கைகளில் நான்கு மடங்காகப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் "த்ரீ டைம்ஸ்" என்றே வை.

"இஜோ" அடுத்த பள்ளம். அதில் அந்த எண்ணும் அடக்கம். 3-ம் சரி, அதற்கு மேலும் சரி. "மோர் தேன் த்ரீ டைம்ஸ்" என்றால் 3 வெளியே போய்விடுகிறது. ஆகவே "அட் லீஸ்ட் த்ரீ டைம்ஸ்". சோதனையில் மிகச் சரியாக 3.0 வந்த ஒரு மாதிரி ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் இருந்தால், "மோர் தேன்" என்று எழுதிய நீதான் பொய் சொன்னவள் ஆவாய்.

வாரி என்பது பத்தில் ஒரு பங்கு. 3 வாரி என்றால் 30 விழுக்காடு. அங்கே "நி" என்ற ஒற்றை எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார். தமிழில் 30 விழுக்காடு குறைந்தது, 30 விழுக்காடாகக் குறைந்தது என்று இருக்கிறதல்லவா, அதே வித்தியாசம்தான். "நி" இருந்தால் 70 போய் 30 மிச்சம். இல்லாவிட்டால் 30 போய் 70 மிச்சம். தலைப்புகளில் இடைச்சொற்களை வெட்டிவிடுவார்கள், அதனால் உடலில் வரும் முழு வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்.

ஆண்டுக் கணக்கை நீயே போட்டுப் பார். நாம் லட்சம் கோடியில் வளர்ந்தவர்கள், நமக்கு இது சுலபம். 10 மான் ஒரு லட்சம். 1 ஓக்கு பத்துக் கோடி.

---

வாசுகி · செவ்வாய், இரவு 10:22

அக்கா, மன்னிச்சிடுங்க, இனி கவனமாக இருப்பேன். "நி" இல்லை. உடலிலும் 30 விழுக்காடு குறைப்பு என்றுதான் வருகிறது.

கணக்கு போட்டுவிட்டேன்:

100,000 × 365 = 36,500,000

மூன்று கோடியே அறுபத்தைந்து லட்சம். ஜப்பானியத்தில் 3,650 மான் என்று இருக்க வேண்டும். அறிக்கையில் 36 கோடியே 50 லட்சம் இருக்கிறது. பத்து மடங்கு கூடுதல்! மூலத்திலேயே தப்பு. நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று இரண்டு மணி நேரமாக மானையும் ஓக்குவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

துவாஸ் ராமநாதன் · செவ்வாய், இரவு 11:10

தங்கச்சி, எனக்கு ஜப்பானியம் ஒரு சொல்கூடத் தெரியாது. சவ்வுகளோடுதான் வேலை செய்தேன், போன வருடம் ஓய்வு.

அந்த ஆண்டு எண் தப்பு என்று காட்ட இன்னொரு வழி சொல்கிறேன், வாடிக்கையாளருக்கு எழுதும்போது உதவும். 36 கோடியே 50 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் நாளுக்குப் பத்து லட்சம் கனமீட்டர். சிங்கப்பூர் முழுவதும் ஒரு நாளைக்குச் செலவழிப்பதே ஏறக்குறைய 44 கோடி காலன், அதாவது இருபது லட்சம் கனமீட்டர். ஒரே ஆலை பாதி நாட்டுக்குத் தண்ணீர் கொடுக்கிறதாம்! துவாஸில் 2005-ல் திறந்த நம் முதல் கடல்நீர் ஆலை நாளுக்கு 3 கோடி காலன், சுமார் 136,000 கனமீட்டர். அவர்கள் சொல்லும் ஒரு லட்சம் கனமீட்டர் அந்த அளவு ஆலைதான்.

ஆனால் எனக்கு உறுத்துவது அது இல்லை. மூன்று மடங்கு ஊடுருவும், அதனால் 30 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்கிறார்களே, எந்தத் தண்ணீரில்? ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருந்தால் அதில் சோதனை நிலை இருக்கும். உப்பு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்.

---

கார்த்தி99 · புதன், காலை 7:48

அக்கா, நான் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், ஜப்பானிய மொழித் தேர்வுல N2 முடிச்சிட்டேன். N1 எடுத்தா இந்த மாதிரி வேலை கிடைக்குமா? எழுத்துக்கு எவ்ளோ தருவாங்க? தண்ணி பத்தியெல்லாம் தெரிஞ்சிருக்கணுமா?

---

பாலா_யீஷூன் · புதன், காலை 8:15

தம்பி வேற இழை போடு.

மீனாட்சி அக்கா, 300 மேட்டர் ஒத்துக்கிறேன். ஆனா மூலத்துல தப்பு இருந்தா நாம திருத்தக்கூடாதுன்னுதான் ஏஜென்சி ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு. அவ பாட்டுக்கு 3 கோடியே 65 லட்சம்னு மாத்திட்டா நாளைக்கு ரெண்டு மொழியும் ஒத்துப் போகலன்னு யாரு மேல பாயுவாங்க?

---

ஹபீப் · புதன், காலை 8:52

பாலா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன், ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் இங்குள்ள அலுவலகத்தில் தொடர்புத் துறை. மூலத்தைச் சொல்லாமல் திருத்துவது கூடாது. ஆங்கில அறிக்கையின் அடியில் "இது மொழிபெயர்ப்பு, ஜப்பானிய மூலமே செல்லும்" என்று பலரும் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அப்படி இருக்கும்போது ஆங்கிலம் சரி, மூலம் தப்பு என்றால் சட்டப்படி தப்புதான் செல்லும். ஆனால் சொல்லாமல் இருப்பதும் கூடாது. கணக்கோடு ஒரு வரி எழுதினால் எங்களைப் போன்றவர்கள் கும்பிடுவோம்.

என் கதை ஒன்று. எங்கள் அறிக்கையில் ஓர் எண் பத்தின் ஐந்தாம் அடுக்கு, 10⁵. மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் எழுதியிருந்தார். செய்தி விநியோகத் தளம் சாதா எழுத்தாக மாற்றியபோது மேலே இருந்த 5 கீழே இறங்கி 105 ஆகிவிட்டது. லட்சம் மடங்கு நூற்றைந்து மடங்காகச் சுருங்கி மூன்று நாள் வலையில் இருந்தது. கண்டுபிடித்தது ஒரு போட்டியாளர், ரொம்பப் பணிவாக மின்னஞ்சல் அனுப்பினார்.

அதனால் வாசுகி, மேலே தூக்கி எழுதும் எண்ணும் அடிக்குறிப்புக் குறியும் வழியிலேயே விழுந்துவிடும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

---

வாசுகி · புதன், காலை 10:30

ராமநாதன் அண்ணே, கட்டுரையின் துணைக்கோப்பில் இருக்கிறது. சோடியம் குளோரைடு 2,000 பிபிஎம், அழுத்தம் 1.55 மெகாபாஸ்கல், 25 டிகிரி. உப்பு நீக்கம் 99.5 விழுக்காடு "இஜோ". அறிக்கையில் 99.5 மட்டும்தான் இருக்கிறது, மற்ற மூன்றும் இல்லை.

---

துவாஸ் ராமநாதன் · புதன், காலை 11:05

நினைத்தேன்.

1.55 மெகாபாஸ்கல் என்றால் 15.5 பார். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் 27 பார் அளவில் இருக்கும். அதற்குக் கீழே எவ்வளவு நேரம் தள்ளினாலும் ஒரு சொட்டு நன்னீர் அந்தப் பக்கம் வராது. ஆகவே இந்தச் சோதனையில் கடல்நீர் இல்லவே இல்லை. 2,000 பிபிஎம்மும் 15.5 பாரும் உவர்நீர்ச் சவ்வுக்கு, அதாவது கடல்நீரைவிட உப்பு மிகக் குறைந்த தண்ணீருக்கான சவ்வுக்கு, வழக்கமாக வைக்கும் சோதனை. கடல்நீர்ச் சவ்வு என்றால் 32,000 பிபிஎம், 55 பார் என்று போட்டிருப்பார்கள். உப்பு நீக்கமும் 99.7, 99.8 என்று எழுதுவார்கள். 99.5 பார்த்தபோதே சந்தேகப்பட்டேன்.

இப்போது அந்த 30 விழுக்காட்டுக்கு வா. சவ்வு எவ்வளவு தாராளமாகத் தண்ணீர் விட்டாலும் உப்பின் எதிரழுத்தத்தைத் தாண்டித்தான் பம்பு தள்ள வேண்டும். கடல்நீரில் பாதியை நன்னீராக எடுத்தால் மிச்சத்தில் உப்பு இரட்டிப்பாகிறது, எதிரழுத்தமும் ஐம்பதைத் தாண்டுகிறது. அந்தச் சுவர் சவ்வை மாற்றினால் நகராது. உவர்நீரில் சுவர் தாழ்வு, அதனால் நல்ல சவ்வு நிறைய மிச்சம் பிடிக்கும். 2014-ல் எம்ஐடி குழு ஒன்று இதே கணக்கைப் போட்டது. ஊடுருவல் மூன்று மடங்கானால் உவர்நீரில் 46 விழுக்காடு வரை ஆற்றல் மிச்சம், கடல்நீரில் 15 விழுக்காடுதான்.

அறிக்கையில் 30 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உவர்நீருக்கு அடக்கமாகச் சொன்ன எண்ணாக இருக்கலாம். ஆனால் "கடல்நீர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அது நிற்கக் கூடாது. நம் தண்ணீர் வாரியமான பியூபி இப்போது ஒரு கனமீட்டருக்கு 3.5 கிலோவாட்-மணி செலவாவதாகச் சொல்கிறது, 2-க்குக் கொண்டுவரப் பாடுபடுகிறது. இந்த அறிக்கையைப் படிக்கும் ஆள் 3.5-இல் 30 விழுக்காட்டைக் கழித்து 2.45 என்று தாளில் எழுதிக்கொண்டு அவர்களுக்குத் தொலைபேசி போடுவான்.

---

பாலா_யீஷூன் · புதன், நண்பகல் 12:20

அண்ணே இது செம. ஆனா இதைக் கண்டுபிடிக்கறது வாசுகி வேலையா? கட்டுரையை நடுவர்கள் பார்த்தாச்சு, நிறுவனம் பார்த்தாச்சு.

---

செங்காங் மீனாட்சி · புதன், பிற்பகல் 1:02

கட்டுரையை நடுவர்கள் பார்த்தார்கள். அறிக்கையை யார் பார்த்தார்கள்? தலைப்பு பெரும்பாலும் விளம்பரப் பிரிவில் பிறப்பது.

வாசுகி, இரண்டு இடத்தை மூலத்தில் எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சொல். 30 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் அடிக்குறிப்பு உண்டா, அதில் "ஜிஸ்ஸோகு" இருக்கிறதா "ஷிசான்" இருக்கிறதா? முன்னது அளந்தது, பின்னது தாளில் போட்ட கணக்கு. அடுத்து, தலைப்பில் கடல்நீருக்குப் பிறகு என்ன சொல் வருகிறது?

சேகாய் ஹாட்சுவைத் தூக்காதே. அது நிறுவனத்தின் கூற்று, அழிக்க உனக்கு உரிமை இல்லை. ஆனால் அதன் எல்லை அடிக்குறிப்பில் இருக்கும். "இந்த மூலப்பொருளில் ஒரு மீட்டர் அகலச் சுருளாக" என்பதுபோல் ஏதாவது ஒரு குறுகிய வட்டத்துக்குள்தான் உலகில் முதன்முறை என்பார்கள், விசாரித்த மாதத்தையும் போடுவார்கள். ஹபீப் சொன்னபடி அடிக்குறிப்பு வழியில் விழும். அதனால் "நிறுவனத்தின் சொந்த ஆய்வின்படி" என்பதை அதே வாக்கியத்துக்குள் வை.

---

வாசுகி · புதன், பிற்பகல் 1:40

அக்கா, அடிக்குறிப்பு 3: "தோஷா ஷிசான்". எங்கள் கணக்கீடு. எந்த நீர், எந்த ஆலை என்று ஒன்றும் இல்லை.

தலைப்பு பார்த்ததும் வியர்த்துவிட்டது. "கைசுய் தான்சுய்கா நி முகேதா". நான் "ஃபார்" என்று எழுதியிருக்கிறேன், கடல்நீரை நன்னீராக்கும் சவ்வு என்று பொருள் வருகிறது. முகேதா என்றால் அந்தத் திசையை நோக்கிய என்றுதானே?

---

செங்காங் மீனாட்சி · புதன், பிற்பகல் 1:55

ஆமாம். அவர்கள் கடல்நீரைப் பார்த்து நடக்கிறோம் என்றார்கள். போய்ச் சேர்ந்ததாக நீ எழுதிவிட்டாய். பாதிப் பழி மூலத்தின் மேல், பாதி உன் மேல். "டுவர்ட்ஸ்" போடு. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம், மூலத்தில் இருப்பதுதான்.

கடைசிப் பத்தியில் காலக்கெடு ஏதாவது இருந்தால் அதையும் பார். "2027 நெண்டோ" என்று இருந்தால் அது 2028 மார்ச் வரை ஓடும்.

---

வாசுகி · புதன், பிற்பகல் 2:10

அதேதான் இருக்கிறது! "2027 நெண்டோவுக்குள் ஜிஷ்ஷோ தொடங்கத் திட்டம்". நான் 2027 என்றே விட்டிருந்தேன். "மார்ச் 2028-இல் முடியும் நிதியாண்டுக்குள்" என்று மாற்றுகிறேன். ஜிஷ்ஷோவை "நிரூபணம்" என்று எழுதியிருந்தேன், அது "செயல்விளக்கச் சோதனை" என்று ஆகிறது. நிரூபித்துவிட்டதாக ஒரு தொனி வந்துவிட்டது.

மூன்று கேள்வி எழுதி ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டேன். ஆண்டு எண்ணுக்குக் கணக்கும், நாளுக்குப் பத்து லட்சம் என்று ஆகிறது என்ற வரியும். 30 விழுக்காடு எந்த நீருக்கான கணக்கீடு என்பது. மூன்றாவது, சோதனை நிலையை உடலில் சேர்க்கலாமா என்பது.

---

ஹபீப் · புதன், மாலை 5:30

கேள்வி கேட்ட விதம் நல்லது. "தவறு" என்று எழுதாமல் "உறுதி செய்ய வேண்டுகிறோம்" என்று எழுதியிருந்தால் இன்றே பதில் வரும். அங்கே ஓர் எண்ணை மாற்ற நான்கு பேர் முத்திரை வைக்க வேண்டும். ஆண்டு எண்ணை மாற்றிவிடுவார்கள், அது கூட்டல் கழித்தல். 30-ஐத் தொட மாட்டார்கள் என்று பந்தயம்.

---

வாசுகி · புதன், இரவு 8:47

ஹபீப் அண்ணே, ஜெயிச்சிட்டீங்க.

ஆண்டு எண் 3,650 மானாக மாறிவிட்டது, ஜப்பானிய மூலத்திலும். நன்றி என்று மிக நீளமாக எழுதியிருந்தார்கள். "டுவர்ட்ஸ்" சரி என்றார்கள். நிதியாண்டும் சரி. சோதனை நிலையை அடிக்குறிப்பில் சேர்க்கிறார்கள். 30 விழுக்காட்டுக்குப் பதில்: "நிறுவனத்தின் கணக்கீடு, அப்படியே விடவும்." எந்த நீர் என்று சொல்லவில்லை. "நிறுவனத்தின் கணக்கீட்டின்படி" என்பதை வாக்கியத்துக்குள் கொண்டுவரலாமா என்று கேட்டேன். மூலத்தில் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது, ஆங்கிலத்திலும் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். உலகில் முதன்முறைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள், அதை ஏற்கெனவே அவர்களுடைய சட்டப் பிரிவு கேட்டிருந்ததாம்.

---

துவாஸ் ராமநாதன் · புதன், இரவு 9:20

எனக்குத் திருப்தி இல்லை. கடல்நீர் என்ற சொல்லும் 30-ம் ஒரே தலைப்பில் இருக்கிற வரை "டுவர்ட்ஸ்" எல்லாம் வக்கீல் வேலை. நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தால் பெயர் போடாதே என்று சொல்லியிருப்பேன்.

---

செங்காங் மீனாட்சி · புதன், இரவு 9:41

எங்கள் பெயரை யாரும் போடுவதில்லை, அண்ணே. கேட்ட கேள்வியும் வந்த பதிலும் மின்னஞ்சலில் இருக்கின்றன. அதற்கு மேல் அவள் இழுத்தால் அடுத்த வேலை வேறு ஆளுக்குப் போகும், அந்த ஆள் 300 விழுக்காடு என்று எழுதுவார்.

---

பாலா_யீஷூன் · புதன், இரவு 9:44

அக்கா நான் இங்கதான் இருக்கேன்.

---

வாசுகி · வெள்ளி, காலை 9:05

நேற்று வெளியானது. நிறுவனத் தளத்தில் எல்லாம் இருக்கிறது. விநியோகத் தளத்தின் சாதா எழுத்துப் பதிப்பில் அடிக்குறிப்பு ஐந்தும் காணோம், சோதனை நிலையும் "எங்கள் கணக்கீடு" என்பதும் சேர்ந்தே போய்விட்டன. வாக்கியத்துக்குள் வைத்த உலக முதன்முறை வரி மட்டும் முழுசாக வந்திருக்கிறது. 30 விழுக்காடு மொட்டையாக நிற்கிறது. ஏஜென்சிக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

கார்த்தி தம்பி, தண்ணி பத்தித் தெரிஞ்சிருக்கணும்.